அக்காவுக்கு மாத்திரை, மாமாவுக்கு ஆபரேஷன்: சுருங்கிய மைட்ரல் வால்வும் கசியும் மைட்ரல் வால்வும்

கேள்வி: டாக்டர், நாங்கள் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். அக்காவுக்கு 30 வயது, 22 வாரக் கர்ப்பம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ராத்திரி படுக்க முடியவில்லை. எக்கோவில் மைட்ரல் ஸ்டெனோசிஸ், வால்வு 1.3, கிரேடியன்ட் 17, நாடி 104 என்று எழுதியிருக்கிறார்கள். மாத்திரை தந்து பார்ப்போம், தேவைப்பட்டால் பலூன் என்கிறார்கள். மாமாவுக்கு 61 வயது, அதே வால்வில் லீக். அவர் தினமும் கடற்கரையில் நடக்கிறார், ஒரு தொந்தரவும் இல்லை. அவருக்கு மட்டும் உடனே ஆபரேஷனாம். இது தலைகீழாக இல்லையா? இரண்டு பேருக்கும் ஒரே நோயா?

பதில்:

தலைகீழ் இல்லை. இரண்டு பேருக்கும் சரியான வழியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். வால்வு ஒன்றுதான், ஆனால் நோய் இரண்டு. அந்த இரண்டும் இதயத்தின் வெவ்வேறு இடத்தில் அடிக்கின்றன. எது எங்கே அடிக்கிறது என்று புரிந்துவிட்டால் மற்ற எல்லாம் அதிலிருந்தே வரும்.

நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்ட ரத்தம் முதலில் இடது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து மைட்ரல் வால்வு வழியாக இடது கீழறைக்கு இறங்குகிறது. கீழறை சுருங்கி உடம்புக்கு ரத்தத்தை அனுப்பும்போது இந்த வால்வு இறுக மூடிக்கொள்ள வேண்டும். திறக்க வேண்டிய நேரத்தில் சரியாகத் திறக்காவிட்டால் அது ஸ்டெனோசிஸ், அதாவது சுருக்கம். மூட வேண்டிய நேரத்தில் மூடாவிட்டால் அது ரிகர்ஜிடேஷன், நீங்கள் சொல்லும் லீக். சுருக்கத்தில் ரத்தம் மேலறையிலேயே தேங்கி, அந்த அழுத்தம் பின்னால் நுரையீரலுக்குப் போகிறது. கீழறைக்கு வேலை கூடுவதில்லை, அது நன்றாகவே இருக்கும். கசிவில் கீழறைதான் அடி வாங்குகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் பின்னால் போன ரத்தத்தையும் சேர்த்து அது மறுபடி தள்ள வேண்டியிருக்கிறது. அதனால்தான் உங்கள் அக்காவுக்கு மூச்சு முட்டுகிறது. மாமாவுக்கு ஒன்றும் தெரியாமலே கீழறை தேய்ந்துகொண்டிருக்கிறது.

முதலில் அக்காவைப் பார்ப்போம், அவசரம் அங்கேதான் அதிகம்.

முப்பது வயதுப் பெண்ணுக்கு மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது என்றால் காரணம் ஏறக்குறைய எப்போதும் ருமாட்டிக் காய்ச்சல்தான். சின்ன வயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை வலி வந்திருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து, அந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு கிளப்பிய எதிர்ப்பு தன் சொந்த மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குகிறது. மூட்டு வீங்கி, காய்ச்சல் வந்து, தானாகவே சரியாகிவிடும். பல வீடுகளில் அது நினைவில்கூட இருக்காது. வால்வு மட்டும் மறப்பதில்லை. அதன் இரண்டு இதழ்களும் சேரும் ஓரங்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல ஒட்டிக்கொள்கின்றன. இதே ருமாட்டிக் நோய் சிறுவர்களுக்கு வந்தவுடன் பெரும்பாலும் கசிவாகத்தான் தெரியும், தழும்பு இறுகிய பிறகே சுருக்கமாக மாறும். ஆகவே பத்து வயதில் 'லீக்' என்று யாராவது சொல்லியிருந்தாலும் இப்போது சுருக்கம் என்பதில் முரண்பாடு இல்லை. ருமாட்டிக் அல்லாத சுருக்கமும் உண்டு. வயதானவர்களுக்கும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் வால்வின் வளையத்தில் சுண்ணாம்பு படிந்து வருவது அது. அக்காவுக்கு அது பொருந்தாது.

இனி ஒலி. இதயச் சுருக்கத்தை சிஸ்டோல் என்றும், அது தளர்ந்து ரத்தம் நிரம்பும் நேரத்தை டயஸ்டோல் என்றும் சொல்வோம். சுருங்கிய மைட்ரல் வால்வில் ரத்தம் டயஸ்டோலில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இறங்குகிறது, அதனால் மர்மர் என்ற இரைச்சலும் அப்போதுதான் கேட்கும். இடது மார்புக்குக் கீழே, இதய நுனியில், ஸ்டெதாஸ்கோப்பின் மணிப் பக்கத்தை லேசாக வைத்தால் தாழ்ந்த சுருதியில் ஒரு உருட்டல். நோயாளியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால்தான் பலருக்கு அது பிடிபடும். அதற்கு முன்னே, லப்-டப் என்று கேட்பதில் லப் என்ற முதல் இதய ஒலி பலமாகவும், டப் என்ற இரண்டாவது ஒலிக்குப் பின் ஒரு சின்னச் சொடுக்கும் இருக்கும். அந்தச் சொடுக்கை ஓப்பனிங் ஸ்னாப் என்கிறோம். ஒட்டிய இதழ்கள் திறக்கப்போய் நடுவில் டக்கென்று நின்றுவிடும் சத்தம் அது. சொடுக்கு இரண்டாவது ஒலிக்கு எவ்வளவு நெருங்கி வருகிறதோ, அவ்வளவு மோசம், ஏனென்றால் மேலறையின் அழுத்தம் கூடக்கூட வால்வு சீக்கிரமே தள்ளித் திறக்கப்படுகிறது. உருட்டல் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்பதைவிட எவ்வளவு நீளமாக இருக்கிறது என்பதே முக்கியம்.

கர்ப்ப காலத்தில் ரத்த ஓட்டம் கூடுவதால் நிறையப் பெண்களுக்கு லேசான சிஸ்டாலிக் மர்மர் கேட்கும், அதில் பயமில்லை. ஆனால் டயஸ்டாலிக் மர்மர் ஒன்று கேட்டால் அதைக் கர்ப்பத்தின் மேல் போட்டு ஒதுக்கவே கூடாது, எக்கோ எடுத்தே ஆக வேண்டும். சிக்கல் என்னவென்றால் நாடி வேகமாக ஓடும்போது, மார்பு கனத்திருக்கும்போது, சத்தமான வார்டில், அந்தத் தாழ்ந்த உருட்டல் எளிதில் தப்பிவிடும். அப்படித் தப்பியவர்கள் ஆஸ்துமா பம்ப்போடு வீட்டுக்குப் போகிறார்கள். இந்தச் சுருக்கத்தில் சளியில் ரத்தமும் வரலாம். அப்படி வந்தால் நம் மாகாணத்தில் முதலில் காசநோய்க்குத்தான் சோதிப்பார்கள், அது சரியும்கூட. சோதனையில் கிருமி இல்லை என்று வந்தபின் இதயத்தைக் கேட்க மறப்பதுதான் தப்பு.

உங்கள் அக்காவின் தாளில் இருக்கும் மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தால் கதை முழுதும் தெரிந்துவிடும். சாதாரண மைட்ரல் வால்வு திறந்தால் 4 முதல் 6 சதுர செ.மீ. வழி இருக்கும். 1.5-க்குக் கீழே போனால் இப்போது கடுமையான சுருக்கம் என்கிறோம். அக்காவுக்கு 1.3. கர்ப்பத்துக்கு முன்னும் ஏறக்குறைய இதே அளவுதான் இருந்திருக்கும், இந்த ஐந்து மாதத்தில் வால்வு சுருங்கிவிடவில்லை. அப்போது ஏன் ஒன்றும் தெரியவில்லை?

கணக்காகவே பார்ப்போம். கர்ப்பத்துக்கு முன் நாடி நிமிடத்துக்கு 70, இதயம் நிமிடத்துக்கு நாலரை லிட்டர் ரத்தம் அனுப்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 துடிப்பில் ஒரு நிமிடத்தில் மொத்தம் சுமார் 37 விநாடி டயஸ்டோல். அந்த 37 விநாடிக்குள் நாலரை லிட்டரும் வால்வைக் கடந்துவிட வேண்டும், அதாவது விநாடிக்கு 120 மில்லி சொச்சம். 1.3 வழியில் அதற்கு 6 மி.மீ. பாதரசம் அளவு அழுத்த வித்தியாசம் போதும். எக்கோவில் கிரேடியன்ட் என்று எழுதுவது இந்த வித்தியாசத்தைத்தான்.

இப்போது கர்ப்பம். ரத்தத்தின் அளவு கூடி, இதயம் அனுப்ப வேண்டியது ஆறு லிட்டரைத் தாண்டிவிட்டது. நாடி 104. நாடி ஏறினால் சிஸ்டோல் கொஞ்சமாகத்தான் குறையும், டயஸ்டோல்தான் அதிகம் வெட்டுப்படும். நிமிடத்துக்கு 31 விநாடிதான் மிஞ்சுகிறது. ஆக, கூடுதல் ரத்தம் குறைந்த நேரத்தில் கடக்க வேண்டும், விநாடிக்கு 200 மில்லிக்கு மேல். ஓட்டம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பது விதி. அந்த விதிப்படி 6 என்பது 17 ஆகிவிடுகிறது. கீழறையில் ஏற்கெனவே இருக்கும் 8 அளவு அழுத்தத்தையும் கூட்டினால் மேலறையில் 25. நுரையீரலின் நுண்குழாய்களில் இருந்து நீர் கசியத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த அளவில்தான். படுத்தால் கால்களில் இருந்த ரத்தமும் மார்புக்கு வந்து சேரும், அதனால்தான் அக்காவால் தட்டையாகப் படுக்க முடியவில்லை.

மாத்திரை என்ன செய்யப்போகிறது என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை நாடியை 75-க்கு இறக்கினால் டயஸ்டோல் மறுபடி 36 விநாடி ஆகிறது. அனுப்பும் ரத்தமும் கொஞ்சம் குறையும். கிரேடியன்ட் 17-லிருந்து 11 பக்கம் வரும், மேலறை அழுத்தம் 25-லிருந்து 19 பக்கம் இறங்கும். வால்வைத் தொடவே இல்லை, ஆனால் மூச்சு வரும். எனவே 'வெறும் மாத்திரை' என்று நினைக்காதீர்கள். இந்த நோயில் நாடியைக் குறைப்பது பாதி வைத்தியம். கர்ப்பத்தில் பெரும்பாலும் மெட்டோப்ரோலால் தருவார்கள், அட்டெனோலாலைத் தவிர்ப்பார்கள், அது குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கக்கூடும். கூடவே தண்ணீர் மாத்திரை என்று நாம் சொல்லும் ஃப்யூரோசமைட் கொஞ்சம். அதை அளவுக்கு மீறிக் கொடுத்தால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையும், ஆகவே அக்கா தானாகக் கூட்டிப் போடக் கூடாது. எடை, வீக்கம், ராத்திரி எத்தனை தலையணை என்பதைக் குறித்து வைத்தால் டாக்டருக்குப் பெரிய உதவி.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு எனலாப்ரில் போன்ற மாத்திரை கொடுத்திருக்கலாம். 'அவருக்கும் வால்வு, இவளுக்கும் வால்வு' என்று அதைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிக்கு அந்த வகை மாத்திரை குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேண்டவே வேண்டாம்.

மாத்திரை போட்டும் ஓய்வில் மூச்சு முட்டினால், அல்லது நுரையீரல் தமனி அழுத்தம் 50-ஐத் தாண்டியே நின்றால், பலூன். ஜப்பானைச் சேர்ந்த கான்ஜி இனோவே 1982-ல் முதன்முதலில் செய்த முறை இது. தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள சிரை வழியாக ஒரு குழாயை வலது மேலறைக்குக் கொண்டுபோகிறார்கள். இரண்டு மேலறைகளுக்கும் நடுவில் உள்ள மெல்லிய சுவரில் ஊசியால் துளையிட்டு இடது மேலறைக்குள் நுழைந்து, பலூனை வால்வுக்குள் வைக்கிறார்கள். முதலில் அதன் முன்பாதி மட்டும் ஊதும், பிறகு பின்பாதி, அப்படி வால்வு இரண்டுக்கும் நடுவில் பிடிபட்டதும் இடுப்பு விரிகிறது. சில விநாடிதான். ஒட்டிய ஓரங்கள் பிரிந்துவிடும். பலூனின் அளவுக்கு எளிய கணக்கு உண்டு: உயரத்தை செ.மீ.யில் எடுத்துப் பத்தால் வகுத்துப் பத்தைக் கூட்டினால் மி.மீ.யில் வரும். அக்கா 160 செ.மீ. என்றால் அதிகபட்சம் 26. ஒரேயடியாக அதற்குப் போக மாட்டார்கள், சின்னதில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் எக்கோவில் புதிய கசிவு வந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் கூட்டுவார்கள்.

எல்லா வால்வும் பலூனுக்கு ஒத்துவராது. இதழ் எவ்வளவு அசைகிறது, எவ்வளவு தடித்திருக்கிறது, சுண்ணாம்பு எவ்வளவு, இதழ்களைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் நாண்கள் எவ்வளவு சுருங்கியிருக்கின்றன என்ற நான்குக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் போடுவார்கள். கூட்டுத்தொகை எட்டு அல்லது அதற்குக் கீழே என்றால் நல்ல பலன் எதிர்பார்க்கலாம். மேலறையில் ரத்தக்கட்டி இருந்தால் பலூன் கூடாது, அது பிய்ந்து மூளைக்குப் போய்விடும். அதைப் பார்க்கத்தான் தொண்டை வழியாக எக்கோ எடுப்பார்கள். ஏற்கெனவே கசிவு நடுத்தரத்துக்கு மேல் இருந்தாலும் கூடாது. பிரிக்க வேண்டிய ஓரம் பிரியாமல் இதழே கிழிந்தால் கடுமையான கசிவு வரும், அப்போது அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டியிருக்கும். ஆகவே அந்த வசதி உள்ள பெரிய மருத்துவமனையில்தான் செய்வார்கள். டர்பனில் அரசுத் தரப்பில் அது இங்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனை. கர்ப்பத்தில் 20 வாரம் கடந்த பிறகு, வயிற்றைக் கதிர்வீச்சிலிருந்து ஈயத்தால் மறைத்துச் செய்வது வழக்கம். அக்கா இப்போது 22-ல் இருக்கிறார், தேவைப்பட்டால் நேரம் சரியாகவே இருக்கிறது.

அடுத்து, நாடி திடீரென்று தாறுமாறாகி நெஞ்சு படபடத்தால் காத்திருக்கக் கூடாது. சுருக்கத்தில் மேலறை வீங்கி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு வரும். டயஸ்டோல் நேரம் சட்டென்று பறிபோகும், சில மணி நேரத்திலேயே நுரையீரலில் நீர் கோத்துவிடும். அதோடு மேலறையில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் வாய்ப்பும் கூடும், எனவே ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தேவை. ருமாட்டிக் சுருக்கத்தில் இந்தத் துடிப்புக்குப் பழைய வார்ஃபரின்தான் நல்லது. அதை ரிவரோக்சபான் என்ற புது மாத்திரையோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று 2022-ல் வெளிவந்தது. புது மாத்திரை எடுத்தவர்களில்தான் இறப்பும் பக்கவாதமும் அதிகம் இருந்தன. ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வார்ஃபரின் சிசுவுக்கு ஆபத்து. எந்த மாதத்தில் ஹெப்பாரின் ஊசி, எப்போது வார்ஃபரின் என்பதை இதய டாக்டரும் மகப்பேறு டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

பிரசவத்தைப் பற்றி ஒன்று. வலி வரும் நேரத்தைவிட குழந்தை பிறந்த பின் வரும் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். கருப்பை சுருங்கியதும் அதிலிருந்த ரத்தம் மொத்தமாக உடம்புக்குத் திரும்பி வரும். குறுகிய வால்வு அதைத் தாங்காது. எனவே சுகப்பிரசவமே பெரும்பாலும் நல்லது, முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைத்து, நாடியை அடக்கி, கடைசியில் அக்காவை முக்கச் சொல்லாமல் கருவி வைத்து எடுப்பார்கள். சலைன் பாட்டில் தாராளமாக ஏறக் கூடாது, கருப்பையைச் சுருக்கத் தரும் எர்கோமெட்ரின் ஊசியைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே 'மைட்ரல் ஸ்டெனோசிஸ்' என்று பெரிதாக எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி டியூட்டியில் இருப்பவருக்கு அக்காவை முன்பின் தெரியாது. பென்சிலின் ஊசியும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று தொடர வேண்டும், கர்ப்பத்தில் அது பாதுகாப்பானது. அது இருக்கும் வால்வைச் சரிசெய்யாது, அடுத்த ருமாட்டிக் தாக்குதல் வந்து இன்னும் கெடாமல் காக்கும்.

சரி, இனி மாமா.

மாமாவின் மர்மர் சிஸ்டோலில் கேட்கும். கீழறை சுருங்கும்போது ரத்தம் பின்னால் பீறிட்டு மேலறைக்குள் போகிறது, ஊதுவது போன்ற உயர்ந்த சுருதி, இதய நுனியில் தொடங்கி இடது அக்குளுக்குப் பரவும். முதல் ஒலி மங்கியிருக்கும். கையை இறுகப் பொத்தச் சொன்னால் ரத்த அழுத்தம் ஏறி மர்மரும் பலமாகும். மேலே சொன்னது பாடப்புத்தகக் கசிவு. பின் இதழ் நாண் அறுந்து மேலே மடங்கினால் பீறல் முன்பக்கம் அடிக்கும், மர்மர் மார்பெலும்பின் ஓரம் கேட்டு, கீழறையிலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் உள்ள அயோர்ட்டிக் வால்வின் சுருக்கமோ என்று ஏமாற்றும். ஒரு துடிப்பு முன்கூட்டியே வந்து பின் சற்று இடைவெளி விட்டால் கவனியுங்கள்: அயோர்ட்டிக் சுருக்கத்தின் மர்மர் அடுத்த துடிப்பில் பலமாகும், மைட்ரல் கசிவு மாறாது.

இந்தக் கசிவின் வரலாற்றில் நம் தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு தனி இடம் உண்டு. சிஸ்டோலின் நடுவில் ஒரு சொடுக்கு, அதன்பின் ஒரு மர்மர் என்று சிலருக்குக் கேட்கும். இது இதயத்துக்கு வெளியே உள்ள உறையிலிருந்து வருவது, பொருட்படுத்த வேண்டாம் என்று வெகுகாலம் நினைத்தார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் பார்லோ, 1963-ல், கீழறையில் சாயம் செலுத்திப் படமெடுத்து, அந்த மர்மரின்போது ரத்தம் மைட்ரல் வால்வு வழியாகப் பின்னால் போவதைக் காட்டினார். இதழ்கள் தளர்ந்து தொங்கும் அந்த வகைக்கு இன்றும் பார்லோ நோய் என்று பெயர். நின்றால் சொடுக்கு முன்னுக்கு வரும், மர்மர் நீளும். குந்தி உட்கார்ந்தால் சொடுக்கு பின்னுக்குப் போகும். வேறெந்த மைட்ரல் நோயிலும் இந்த ஆட்டம் இல்லை.

ஆக, கசிவுக்குக் காரணங்கள் பல. இதழ் தளர்வது, நாண் அறுவது, ருமாட்டிக் தழும்பு, வால்வில் கிருமித் தொற்று, இவையெல்லாம் வால்வே கெட்டுப்போன வகை. இன்னொரு வகையில் வால்வு நன்றாகவே இருக்கும். மாரடைப்பாலோ வேறு காரணத்தாலோ கீழறை விரிந்து, இதழ்களைக் கீழே இழுத்துப் பிடித்து மூட விடாது. இந்த இரண்டாம் வகைக்கு முதலில் இதயத் தளர்ச்சி மருந்துகள்தான். அவை போதாதபோது சிலருக்கு இரண்டு இதழையும் நடுவில் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் வைக்கலாம். மாமாவின் தாளில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள், வைத்தியமே அதை வைத்துத்தான் மாறும். 'உடனே ஆபரேஷன்' என்றதால் அவருக்கு முதல் வகை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

தொந்தரவே இல்லாத மனிதருக்கு ஏன் அவசரம்? இ.எஃப். என்று எழுதியிருக்கும் சதவீதம்தான் காரணமாக இருக்கும். கீழறையில் உள்ள ரத்தத்தில் எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்பதே அது. 55-க்கு மேல் என்றால் நலம் என்று பொதுவாகப் படித்திருப்பீர்கள். கசிவில் அந்த எண் பொய் சொல்லும். மாமாவின் கீழறையில் 210 மில்லி நிரம்புகிறது, சுருங்கியபின் 88 மில்லி மிஞ்சுகிறது என்று வைப்போம். 122 தள்ளியிருக்கிறது, 58 சதவீதம், பார்க்க அழகான எண். ஆனால் அதில் 62 மில்லி பின்னால் மேலறைக்குப் போய்விட்டது, உடம்புக்குக் கிடைத்தது 60 மட்டும். மேலறையில் அழுத்தம் குறைவு, அங்கே தள்ளுவது எளிது. எளிய வேலையைக் கொடுத்தும் 58தான் வருகிறது என்றால் தசை ஏற்கெனவே களைத்துவிட்டது. வால்வைச் சரிசெய்ததும் அந்த எளிய வழி அடைபடும், எண் இன்னும் இறங்கும். தாமதித்தால் ஆபரேஷன் வெற்றி பெற்றும் இதயத் தளர்ச்சி மிஞ்சும்.

அதனால்தான் கடுமையான கசிவில் தொந்தரவு வரும்வரை காத்திருப்பதில்லை. இ.எஃப். 60-க்கோ அதற்குக் கீழோ வந்தால், அல்லது சுருங்கிய நிலையில் கீழறையின் குறுக்களவு 40 மி.மீ. ஆனால், ஆபரேஷன் பேச்சு தொடங்கிவிடும். மாமா நடக்கிறார் என்பதிலும் ஒரு கேள்வி கேளுங்கள். முன்பு எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம்? பலர் தெரியாமலே மேட்டுப் பாதையை விட்டு சமதளத்துக்கு மாறியிருப்பார்கள். களைப்பை வயதின் மேல் போட்டுவிடுவார்கள்.

பலூன் ஏன் மாமாவுக்கு உதவாது என்றும் கேட்கலாம். ஒட்டியதைப் பிரிக்கத்தான் பலூன். மூடாததை அது இன்னும் திறந்துவிடும். இவருக்கு வேண்டியது பழுதுபார்ப்பு: மடங்கிய பகுதியை வெட்டித் தைத்தோ, புது நாண் வைத்தோ, விரிந்த வளையத்தைச் சுற்றி ஒரு வளையம் பொருத்தியோ சொந்த வால்வையே மூடவைப்பது. அது முடிந்தால் மாற்று வால்வைவிட நல்லது. கீழறையின் வடிவம் கெடாது, துடிப்பு ஒழுங்காக இருந்தால் ஆயுள் முழுக்க வார்ஃபரினும் வேண்டியதில்லை. முடியாவிட்டால்தான் மாற்று வால்வு. உலோக வால்வு நீடித்து உழைக்கும், ஆனால் வார்ஃபரினும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் சாகும்வரை. திசு வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்துவிடும், இளம் வயதில் இன்னும் வேகமாகத் தேயும். மாமா 61-ல் இருப்பதால் இரண்டுக்கும் இடம் உண்டு.

மாமாவைக் காத்திருக்க விடக் கூடாத நிலை ஒன்றும் உண்டு. நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று மூச்சு முட்டி, வியர்த்து, நுரை நுரையாகச் சளி வந்தால் இன்னொரு நாண் அறுந்திருக்கலாம். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் வால்வைத் தாங்கும் தசையே கிழிவதும் உண்டு. பழக்கப்படாத சின்ன மேலறைக்குள் அவ்வளவு ரத்தமும் பாய்வதால் இரு பக்க அழுத்தமும் சீக்கிரம் சமமாகி, மர்மர் குறுகிப்போகும் அல்லது கேட்கவே கேட்காது. 'சத்தம் குறைந்துவிட்டது' என்பது அங்கே நல்ல செய்தி அல்ல, ஆம்புலன்ஸுக்கான நேரம்.

அடுத்த சந்திப்பில் மாமா மூன்று விஷயம் கேட்டால் போதும்: சுருங்கிய நிலையில் குறுக்களவு எத்தனை, இந்த வால்வைப் பழுதுபார்க்க முடியும் என்று அறுவை டாக்டர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார், ஆபரேஷனுக்கு முன் இதயத் தமனிகளில் அடைப்பு பார்க்கப் படம் எடுப்பார்களா. அடைப்பு இருந்தால் அதே நேரத்தில் பைபாஸும் செய்துவிடுவார்கள். பல்லில் சொத்தை இருந்தால் அதையும் முன்னாடியே பார்த்துவிடச் சொல்லுங்கள். வாயிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் தங்கினால் மொத்த வேலையும் வீணாகும்.